நள்ளிரவில் எரிந்தது எண்ணெயா, மெழுகுவத்தியா?

தேன்மொழி_பெ

எல்லோருக்கும் வணக்கம். மொழிபெயர்ப்பில் ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டேன், உதவி வேண்டும்.

17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஓர் ஆங்கிலப் பாதிரியாரின் வாழ்க்கை வரலாற்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். ஒரு பத்தியில் அவருடைய அறையை வர்ணிக்கிறார்கள். மேசைமேல் மாட்டுக்கொழுப்பில் செய்த மெழுகுவத்தி, அதன் புகை, அதன் நாற்றம் எல்லாம் வருகிறது. அடுத்த பத்தியிலேயே அவர் ஆண்டுக்கணக்கில் 'பர்னிங் த மிட்நைட் ஆயில்' என்று இருந்ததாக ஒரு வரி. நான் முதல் வரைவில் 'நள்ளிரவு எண்ணெய் எரித்தார்' என்று அப்படியே போட்டுவிட்டேன். மெய்ப்பு பார்த்தவர் ஓரத்தில் சிவப்பு மையில் எழுதியனுப்பிவிட்டார்: "முந்தின பத்தியில் மெழுகுவத்தி, இங்கே எண்ணெய். எது சரி?"

அவர் கேட்டது நியாயம்தான். மூலத்திலேயே அப்படித்தான் இருக்கிறது. ஆனால் கேள்வி இப்போது என்னையும் பிடித்துக்கொண்டது. வீடெல்லாம் மெழுகுவத்தி எரிந்த ஊரில் இந்தச் சொல்வழக்குக்குள் மட்டும் எண்ணெய் எங்கிருந்து வந்தது?

கப்பல்காரன்

இதில் என்ன குழப்பம், திமிங்கல எண்ணெய்தான். அந்தக் காலத்தில் ஆங்கிலேயர்கள் வடகடலில் திமிங்கல வேட்டைக்குப் போவார்கள். கொண்டுவந்த எண்ணெயை விளக்கில் ஊற்றி எரித்தார்கள். விலை அதிகம், அதனால் நள்ளிரவு வரை எரிப்பது பெரிய செலவு. அதிலிருந்து வந்த பேச்சு. எங்கள் கப்பலில் ஒரு ஸ்காட்லாந்துக்கார சீஃப் இன்ஜினீயர் இருந்தார், அவர் சொன்னது.

ஸ்ரீவித்யா_இல்லம்

நள்ளிரவில் விளக்கேற்ற நல்லெண்ணெய்தான் உகந்தது சகோதரி. கடலை எண்ணெயில் ஏற்றவே கூடாது. இலுப்பெண்ணெய் கிடைத்தால் இன்னும் விசேஷம்.

தேன்மொழி_பெ

வித்யா அக்கா, அது பூஜை விளக்கு பற்றிய கேள்வி இல்லை :) ஆங்கிலத்தில் இரவெல்லாம் கண்விழித்துப் படிப்பதை, எழுதுவதைச் சொல்லும் ஒரு தொடர். எந்த எண்ணெய் நல்லது என்று நான் கேட்கவில்லை.

ஸ்ரீவித்யா_இல்லம்

ஓ சரி சரி. அப்படியென்றாலும் நல்லெண்ணெய்தான் புகை குறைவு.

பழைய_செமினரி

தேன்மொழி அம்மா, உங்கள் மெய்ப்புக்காரரின் கேள்வி நல்ல கேள்வி. குருமடத்தில் ஏழு வருடம் இருந்துவிட்டு குருவாகாமல் வெளியே வந்தவன் நான். கையோடு வந்தது லத்தீன் மட்டும்தான். அது இங்கே பயன்படும்போலத் தெரிகிறது.

வழக்கமாக எடுத்துக்காட்டுகிற பழைய ஆங்கில வரி பிரான்சிஸ் குவார்ல்ஸ் என்ற கவிஞருடையது. 1635இல் வந்த 'எம்ப்ளம்ஸ்' என்ற நூலில் இருக்கிறது. நடுப்பகல் வியர்வையையும் நடு இரவு எண்ணெயையும் செலவழிக்கிறோம், சிந்தித்து இரவைக் களைக்கச் செய்கிறோம், உழைத்துப் பகலைக் களைக்கச் செய்கிறோம் என்று போகும். 'நடு இரவு' எங்கிருந்து வந்தது என்பது அந்த வரியைப் பார்த்தாலே புரியும். நடுப்பகலுக்கு ஜோடியாக நடு இரவு, வியர்வைக்கு ஜோடியாக எண்ணெய். அதில் 'எரித்தோம்' என்றே இல்லை, 'செலவழிக்கிறோம்' என்றுதான் இருக்கிறது. 1727இல் ஜான் கே எழுதிய நீதிக்கதைகளின் முன்னுரைக் கவிதையில் நடு இரவு எண்ணெயைப் புத்தகங்கள்மேல் 'தீர்த்தாயா' என்று ஒரு தத்துவ அறிஞர் இடையனைப் பார்த்து கேட்பதுபோல வரும். எரிப்பு அப்புறம் வந்து ஒட்டிக்கொண்டது.

இப்போது உங்கள் மெழுகுவத்தி. குவார்ல்ஸுக்குப் 12 வருடம் முன்னால், 1623இல், ஹென்றி கோக்கரம் என்பவர் கடினமான ஆங்கிலச் சொற்களுக்கு ஓர் அகராதி போட்டார். அதில் 'எலூக்குப்ரேட்' என்றொரு சொல். லத்தீனில் 'லூக்குப்ராரே' என்றால் விளக்கு வெளிச்சத்தில் வேலை செய்வது, அதன் வாரிசு. அதற்கு அவர் கொடுத்த பொருள்: மெழுகுவத்தி வெளிச்சத்தில் ஒன்றைச் செய்தல். கவனித்தீர்களா? எளிய ஆங்கிலத்தில் விளக்கம் சொல்லவேண்டி வந்தால் மெழுகுவத்தி என்கிறார்கள், கவிதை எழுதினால் எண்ணெய் என்கிறார்கள். மெழுகுவத்தி அவர்கள் வீட்டில் இருந்தது. எண்ணெய் அவர்கள் பள்ளிக்கூடத்தில், லத்தீன் பாடப் புத்தகத்தில் இருந்தது. ரோமானியர் கையில் ஆலிவ் எண்ணெய் ஊற்றிய களிமண் விளக்கு. அந்த விளக்கைத்தான் ஆங்கிலக் கவிஞர்கள் எடுத்து வந்து தங்கள் மேசைமேல் வைத்துக்கொண்டார்கள் என்பது என் கட்சி.

கப்பல்காரன்

ஐயா, மரியாதையோடு ஒன்று கேட்கிறேன். ஆங்கிலேயர்கள் ஸ்பிட்ஸ்பெர்கனுக்குத் திமிங்கல வேட்டைக்குப் போக ஆரம்பித்தது 1611. நீங்கள் சொல்லும் கவிதை 1635. நடுவில் 24 வருடம் இருக்கிறது. ஆக திமிங்கல எண்ணெய் ஊருக்குள் வந்த பிறகுதானே இந்த வரி வந்திருக்கிறது?

பழைய_செமினரி

கணக்கு சரிதான் தம்பி. ஆனால் அந்த முதல் காலத்துத் திமிங்கல எண்ணெய் பெரும்பாலும் சோப்பு காய்ச்சப் போனது. தெருவிளக்கும் வீட்டு விளக்குமாகத் திமிங்கல எண்ணெய் லண்டனில் பெரிய அளவில் எரிந்தது 18ஆம் நூற்றாண்டில். உங்கள் ஸ்காட்லாந்துக்காரர் ஊரில் மீன் எண்ணெய் ஊற்றி எரிக்கும் இரும்புக் கிண்ண விளக்கு இருந்தது உண்மை. அதனால் எண்ணெயே இங்கிலாந்து பக்கம் எட்டிப் பார்க்கவில்லை என்று நான் சொல்ல வரவில்லை.

நான் பார்ப்பது வேறு. படிப்புச் செலவை எண்ணெய்க் கணக்கில் சொல்லும் பழக்கம் திமிங்கலத்துக்கு 1600 வருடம் முந்தியது. சிசரோ தன் நண்பர் அட்டிக்கஸுக்கு கி.மு. 45இல் ஒரு கடிதம் போடுகிறார். விடியுமுன் எழுந்து எப்பிக்கூரஸ் கூட்டத்தாருக்கு எதிராக எழுதிக்கொண்டிருந்தேன், அதே எண்ணெயிலும் அதே உழைப்பிலும் உமக்கும் ஏதோ கிறுக்கி அனுப்பினேன் என்கிறார். அதாவது விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது, வீணாகவேண்டாமே என்று ஒரு கடிதத்தையும் முடித்துவிட்டார்! பிறகு யூவனல் என்ற அங்கதக் கவிஞர், வரலாறு எழுதுகிறவர்களைப் பார்த்து உங்களுக்குத்தான் நேரமும் அதிகம் பாழ், எண்ணெயும் அதிகம் பாழ் என்கிறார். குவார்ல்ஸ் காலத்தில் பள்ளிக்கூடம் போனவன் லத்தீன் படிக்காமல் வந்திருக்க முடியாது.

மாறன்_குறிப்பேடு

செமினரி ஐயா சொல்வதோடு ஒத்துப்போகிறேன். கூடுதலாக ஒரு சான்று: 'எண்ணெயும் உழைப்பும் இழந்தேன்' என்று லத்தீனில் ஒரு பழமொழியே உண்டு, பிளவுட்டஸ் நாடகத்தில் வருகிறது. கி.மு. 2ஆம் நூற்றாண்டு. ஆக விளக்கெண்ணெய்க் கதை அவ்வளவு பழையது.

தேன்மொழி_பெ

விளக்கெண்ணெய் என்றால் ஆமணக்கெண்ணெய் என்றல்லவா எடுத்துக்கொள்வார்கள் மாறன் :)

பழைய_செமினரி

மாறன் தம்பி, பாதி சரி. பழமொழி இருக்கிறது, பிளவுட்டஸில் இருக்கிறது, எல்லாம் உண்மை. ஆனால் அந்த எண்ணெய் விளக்குக்கு ஊற்றியதாகத் தெரியவில்லை. ஒரு வேலைக்காரப் பெண் பேசுகிற இடம் அது, அலங்காரத்துக்குப் பூசும் எண்ணெய் என்றுதான் படிக்கிறார்கள். சிசரோவே வேறொரு கடிதத்தில், ரோமானியத் தளபதி பாம்பே நடத்திய விளையாட்டு விழாவில் மல்லர்கள்மேல் எண்ணெயும் உழைப்பும் வீணாகிவிட்டதாக பாம்பேயே ஒத்துக்கொள்கிறார் என்று கிண்டல் செய்கிறார். அங்கே மல்லர்கள் உடம்பில் தேய்க்கும் எண்ணெய். அதே சிசரோ படிப்பைப் பற்றிப் பேசும்போது அதே ஜோடிச் சொல்லை விளக்குப் பக்கம் திருப்பிவிடுகிறார். உடம்பு எண்ணெய், கோதா எண்ணெய், பிறகு விளக்கு எண்ணெய். எந்த எண்ணெய் முதலில் பழமொழி ஆனது என்று நீங்களும் நானும் இரவெல்லாம் சண்டை போடலாம்.

நல்லூர்_நிலா

எல்லோரும் ரோமாபுரி கதைக்கிறீர்கள், நான் யாழ்ப்பாணம் கதைக்கலாமோ?

90க்குப் பிறகு எங்களுக்குக் கரண்ட் இல்லை. மண்ணெண்ணெய்க்கும் தடை, வந்தாலும் யானை விலை. நான் ஓ.எல். சோதனைக்குப் படித்தது முழுக்க ஜாம் போத்தல் விளக்கில். வெறும் ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சு, அதில் இரண்டு மூன்று கரண்டி மண்ணெண்ணெய். சைக்கிள் வால்வுக் குழாய்த் துண்டுக்குள் மெல்லிய திரியை விட்டு, கம்பியால் போத்தல் வாயில் கொளுவி, அடி பஞ்சில் படும்படி விடுவோம். சுடர் போத்தலுக்குள் நிற்பதால் காற்றுக்கு அணையாது. சுடர் ஒரு பயறளவு. அதற்கு மேல் போனால் அம்மா வந்து இறக்கிவிடுவா.

அம்மா கரண்டியால் அளந்துதான் ஊற்றுவா. அண்ணாவுக்கு ஏ.எல். என்றபடியால் அவருக்கு ஒரு கரண்டி கூட. நான் எத்தனை மணி வரை படித்தேன் என்று எனக்குத் தெரியாது, எத்தனை கரண்டி படித்தேன் என்று தெரியும். அதனால்தான் இந்த ஆங்கில வரியைக் கனடாவில் முதன்முதல் கேட்டபோது எனக்கு யாரும் விளக்கவேண்டி இருக்கவில்லை.

பழைய_செமினரி

நிலா அம்மா, யூவனல் நேரத்தையும் எண்ணெயையும் ஒரே மூச்சில் சொன்னதற்கு உங்கள் அம்மாவின் கரண்டியைவிட நல்ல உரை நான் எங்கும் படித்ததில்லை.

கப்பல்காரன்

நிலா அக்கா, நல்லூரில் எங்கே? எங்கள் அம்மா ஊர் கொக்குவில். (இழை திசை மாறுகிறது, மன்னிக்கவும். தனி மடல் போடுகிறேன்.)

அளவுகோல்

இயற்பியல் வாத்தியார் ஒருவர் இங்கே சும்மா இருக்க முடியுமா. நேற்று இரவு சோதித்துவிட்டேன். சாதாரண அகல், நல்லெண்ணெய் (வித்யா அம்மா மன்னிப்பார்கள், பூஜைக்கு இல்லை), ஒரே ஒரு பஞ்சுத்திரி. சமையலறைத் தராசில் வைத்தேன். ஏழரைக்கு 71 கிராம், ஒன்பதரைக்கு 62 கிராம். மணிக்கு நாலரை கிராம். தராசு ஒரு கிராம் வரைதான் காட்டும், அதனால் கொஞ்சம் முன்பின் இருக்கும்.

ஒரு லிட்டர் எண்ணெய் சுமாராக 920 கிராம். இந்த வேகத்தில் 200 மணி நேரம் வரும். கேட்க ஜோராக இருக்கிறது. ஆனால் படிக்க உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, புத்தகம் சுடரிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருக்கும்வரை எழுத்து தெரிகிறது, முழம் தூரம் போனால் அடிக்குறிப்பு எழுத்தெல்லாம் போச்சு. பக்கம் முழுவதும் வெளிச்சம் வேண்டுமென்றால் நாலு திரி போடவேண்டும். அப்போது அந்த லிட்டர் 50 மணி நேரம்தான். தினம் நாலு மணி நேரம் என்றால் 12 நாள்.

இன்னொன்று, நாற்பது நிமிடத்தில் திரி நுனியில் கரி கட்டி சுடர் சுருங்கிவிட்டது. ஈர்க்குச்சியால் தூண்டிவிட்டேன். அப்போது என் பெண் கேட்டாள்: "அப்பா, தூண்டுகோல் என்றால் இதுவா?" ஆமாம், அதேதான். மேடையில் 'என் வாழ்க்கையின் தூண்டுகோல்' என்று பேசுகிறவர்களில் எத்தனை பேர் திரியைத் தூண்டியிருப்பார்கள் என்று தெரியவில்லை. எனக்கே நேற்றுதான் உறைத்தது.

தேன்மொழி_பெ

ஆஹா, தூண்டுகோல்! இவ்வளவு நாள் எழுதியும் எனக்குத் தோன்றவில்லை.

அளவுகோல் சார், அப்போது பாதிரியார் அறையின் கொழுப்பு மெழுகுவத்தி? அது எவ்வளவு?

அளவுகோல்

கொழுப்பில் திரி போட்டு எரிக்க வீட்டில் அனுமதி கிடைக்காது அம்மா. ஆனால் அதைவிட மலிவான ஒன்றுக்குக் கணக்கு எழுதி வைத்திருக்கிறார்கள். கில்பர்ட் ஒயிட் என்ற பாதிரியார், செல்போர்ன் என்ற ஊரின் இயற்கை வரலாற்றை 1789இல் வெளியிட்டார். கோரைத்தண்டின் பட்டையை உரித்து, உள்ளே இருக்கும் நெட்டியைக் கொழுப்பில் தோய்த்து எரிப்பது பற்றி அதில் ஒரு கடிதம் முழுக்க எழுதியிருக்கிறார். இரண்டடி நாலரை அங்குலத் தண்டு ஒன்று 57 நிமிடம் எரிந்ததாக மணி பார்த்துக் குறித்திருக்கிறார். ஒரு ஃபார்திங் காசுக்கு ஐந்தரை மணி நேர வெளிச்சம் என்கிறார். ஃபார்திங் என்றால் பென்னியில் கால்.

ஆக, ஏழை வீட்டில் கோரை, கொஞ்சம் வசதி என்றால் கொழுப்பு மெழுகுவத்தி, பணக்காரர் வீட்டில் தேன்மெழுகு. செமினரி ஐயா கட்சிக்கு என் ஓட்டு. எண்ணெய் இந்தப் பட்டியலில் சாதாரணமாக வரவே இல்லை.

மாறன்_குறிப்பேடு

'மெழுகுவத்தியை இரண்டு முனையிலும் கொளுத்துவது' என்றும் ஆங்கிலத்தில் சொல்வார்களே, அதுவும் இதே பொருள்தானே? அதைப் போட்டுவிட்டால் தேன்மொழிக்கு மெழுகுவத்தியே கிடைத்துவிடும்.

பழைய_செமினரி

வேண்டாம் தம்பி, அது வேறு. அது பிரெஞ்சிலிருந்து வந்தது, 1611இல் கோட்கிரேவ் போட்ட பிரெஞ்சு-ஆங்கில அகராதியில் இருக்கிறது. முதலில் சொத்தை இரண்டு பக்கமும் கரைக்கும் ஊதாரிக்குச் சொன்னது. உடம்பைக் கெடுத்துக்கொள்வது என்ற பொருள் பின்னால் வந்தது. பாதிரியாரை ஊதாரி ஆக்கிவிடாதீர்கள்.

அதைவிட முக்கியமாக இன்னொன்று சொல்லவேண்டும், நேற்றே சொல்லியிருக்கவேண்டும். சிசரோ வரியில் 'விடியுமுன் எழுந்து' என்றேன் இல்லையா, அதை யாரும் பிடிக்கவில்லை. நாம் இந்தத் தொடரைக் கேட்டதும் இரவுச் சாப்பாடு முடித்து ஒரு மணி, இரண்டு மணி வரை விழித்திருக்கும் ஆளை நினைக்கிறோம். ரோமானியரின் விளக்கு வேலை பெரும்பாலும் மறுபக்கம். சீக்கிரம் படுத்து, நடு இரவு கழிந்ததும் எழுந்துவிடுவார்கள்.

மூத்த பிளினியைப் பற்றி அவர் மருமகன், அதாவது சகோதரி மகன், எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. ஆகஸ்டு 23இல் வரும் வல்கன் திருநாளிலிருந்து மாமா விளக்கு வைத்துப் படிக்கத் தொடங்கிவிடுவார், குளிர்காலத்தில் இரவின் ஏழாம் மணிக்கு, மிகப் பிந்தினால் எட்டாம் மணிக்கு, பலநாள் ஆறாம் மணிக்கே எழுந்துவிடுவார் என்கிறார். ரோமானியர் அந்தியிலிருந்து விடியல்வரை இரவைப் பன்னிரண்டாகப் பிரிப்பார்கள். ஆறாம் மணி முடிந்தால் நடு இரவு. ஆக இந்த மனிதர் எண்ணெயை எரித்தது நடு இரவிலிருந்து முன்னோக்கி. விடியுமுன் வெஸ்பாசியன் பேரரசரைப் பார்க்கப் போய்விடுவார், அவரும் அப்படியே இரவில் வேலை செய்கிறவர்.

இரவு வேலை தனிமைக்கு மிக நல்லது என்று பேச்சுக்கலை ஆசான் குயின்டிலியன் சொல்வார். ஆனால் கூடவே ஒரு நிபந்தனை: உடம்பு தெளிந்து, ஓய்வெடுத்து வந்து உட்கார்ந்தால்தான். களைத்துத் தள்ளாடிக்கொண்டு விழித்திருப்பதை அவர் புகழவில்லை.

நல்லூர்_நிலா

எங்கள் அப்பாவும் அதுதான் செய்தார். இரவு எட்டுக்கே எங்களைப் படுக்க வைத்து விடிய மூன்றுக்கு எழுப்புவார். எண்ணெய் அதே அளவுதான், ஆனால் மண்டையில் கூட ஏறியது. அவர் குயின்டிலியன் படித்திருக்கச் சந்தர்ப்பமில்லை.

கப்பல்காரன்

சரி, ரோமானியருக்கே கொடுத்துவிடுகிறேன். ஆனால் 18ஆம் நூற்றாண்டில் அந்தத் தொடர் ஆங்கிலத்தில் பரவலாக ஊன்றியதற்குத் திமிங்கல விளக்கு துணை செய்திருக்கலாம் இல்லையா? வீட்டில் நிஜமாகவே எண்ணெய் எரிந்தால்தானே பழைய லத்தீன் படிமம் ஜனங்கள் வாயில் நிற்கும்?

பழைய_செமினரி

இதை நான் மறுக்கமாட்டேன். பிறந்த இடம் ஒன்று, வளர்ந்த இடம் ஒன்று என்று இருக்கலாம். இதை நிரூபிக்க எனக்கு வழி இல்லை, உங்களுக்கும் இல்லை.

மாறன்_குறிப்பேடு

ஐயா, கிரேக்கர்கள்? டெமாஸ்தனிஸ் பற்றி ஏதோ உண்டே.

பழைய_செமினரி

உண்டு. புளூட்டார்க் எழுதிய வரலாற்றில் வருகிறது. டெமாஸ்தனிஸ் முன்கூட்டியே எழுதித் தயாரித்துப் பேசுகிறவர், அதற்காகத் தரைக்கடியில் ஓர் அறையே கட்டி வைத்திருந்தவர். பித்தியாஸ் என்ற எதிரி அவருடைய வாதங்களில் 'விளக்குத்திரி வாடை அடிக்கிறது' என்று கேலி செய்தார். எண்ணெய் வாடை என்று சொல்லவில்லை பாருங்கள், திரி வாடை. அகலை ஊதி அணைத்ததும் மூக்கில் ஏறுமே, அது. டெமாஸ்தனிஸ் விடவில்லை. "உன் விளக்குக்கும் என் விளக்குக்கும் ஒரே விஷயங்கள் தெரியாது பித்தியாஸ்" என்று திருப்பிக் கொடுத்தார். நீ விளக்கு வைத்துக்கொண்டு என்ன செய்கிறாய் என்று ஊருக்குத் தெரியும் என்ற குத்தல்.

ஆங்கிலத்தில் இன்றும் ஒரு எழுத்து ரொம்ப மெனக்கெட்டுச் செய்ததுபோல இருந்தால் 'விளக்கு நாற்றம்' என்பார்கள். ஒரே விளக்குதான். உழைப்பைப் பாராட்ட எண்ணெயும், அதே உழைப்பைக் குறைசொல்லத் திரியும்.

தேன்மொழி_பெ

எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாளில் எனக்கு இவ்வளவு கிடைக்கும் என்று நினைக்கவில்லை.

'நள்ளிரவு எண்ணெயை' எடுத்துவிட்டேன். தமிழில் அது யாருக்கும் எதுவும் சொல்லாது. 'விடிய விடியக் கண்விழித்து' என்று போட்டுப் பார்த்தேன். அர்த்தம் வந்துவிடுகிறது, ஆனால் விளக்கு போய்விடுகிறது. இப்போதைக்கு 'ஆண்டுக்கணக்கில் அவர் அறையில் விளக்கு அணையவில்லை' என்று வைத்திருக்கிறேன். 'விளக்கு' என்றால் மெழுகுவத்திக்கும் பொருந்தும், எண்ணெய்க்கும் பொருந்தும்.

பழைய_செமினரி

நன்றாக இருக்கிறது. செலவு என்ற கணக்கு மட்டும் அதில் வரவில்லை. குவார்ல்ஸ் வரியின் உயிரே அந்த 'செலவழிக்கிறோம்'தான்.

நல்லூர்_நிலா

'எத்தனை விளக்கு எண்ணெய் தீர்த்தாரோ' என்று போட்டால்?

தேன்மொழி_பெ

எனக்கு அது பிடித்திருக்கிறது நிலா. ஆனால் மறுபடி எண்ணெய் வந்துவிடுகிறதே, மெய்ப்புக்காரர் விடமாட்டார். 'எத்தனை மெழுகுவத்தி தீர்த்தாரோ' என்று மாற்றி அனுப்பிப் பார்க்கிறேன்.

(இரவு 11:50) பதில் வந்துவிட்டது. "மூலத்தில் எண்ணெய் என்றல்லவா இருக்கிறது?"